உங்கள் யூடியூப் சேனல் உங்கள் கைக்கு வருமா?

யூடியூப்பில் ஒரு சேனல் சில ஆண்டுகள் ஓடிவிட்டால், அதன் வீடியோக்களின் மூலப் பிரதி பெரும்பாலும் வேறெங்கும் இருக்காது. எடுத்த கேமராவின் மெமரி கார்டு அடுத்த படப்பிடிப்புக்காக அழிக்கப்பட்டிருக்கும். எடிட் செய்த கம்ப்யூட்டர் பழுதாகி மாற்றப்பட்டிருக்கும். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சத்தம் போட்டு நின்றிருக்கும். “யூடியூப்பில்தான் இருக்கிறதே” என்ற தைரியத்தில் யாரும் கவலைப்படுவதில்லை. சேனலை நடத்திய இருவர் பிரிகிறார்கள், அல்லது கணக்கை யாரோ கைப்பற்றிவிடுகிறார்கள், அல்லது சேனலை மூடிவிடலாம் என்று முடிவாகிறது. அப்போதுதான் அத்தனையையும் மொத்தமாகத் திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்வி வருகிறது.

முடியும். கூகுள் டேக்அவுட் என்ற சேவை அதற்காகவே இருக்கிறது. கூகுளுக்குள் தரவு விடுதலை முன்னணி என்று பெயர் வைத்துக்கொண்டு இயங்கிய ஒரு பொறியாளர் குழு 2011 ஜூன் மாதம் அதை வெளியிட்டது. பயனர் எப்போது வெளியேற நினைத்தாலும் தன் பொருளோடு வெளியேற வழியிருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் கொள்கை. இன்றும் கட்டணம் எதுவும் கிடையாது. `takeout.google.com` என்ற முகவரிக்குப் போய்க் கேட்டால் போதும்.

கேட்பது சில நிமிட வேலைதான். ஆனால் முதல்முறை கேட்பவர்களில் பலர் தவறான கணக்கிலிருந்து கேட்டுவிடுகிறார்கள். சிலருக்குக் கோப்பு தயாராகியும் இறக்கி முடிக்குமுன் கெடு தீர்ந்துபோகிறது. எல்லாம் சரியாக வந்தவர்களும் திறந்து பார்த்துவிட்டு, “என் சேனலில் வந்த கமென்ட்டெல்லாம் எங்கே?” என்று கேட்கிறார்கள். இந்த மூன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வேலை சுலபம்.

முதலில், எந்தக் கணக்கு?

யூடியூப் சேனல்கள் இரண்டு விதமாகக் கணக்கோடு இணைந்திருக்கின்றன. ஒன்று, உங்கள் ஜிமெயில் கணக்கின் பெயரிலேயே இருக்கும் தனிப்பட்ட சேனல். மற்றொன்று, பிராண்ட் அக்கவுன்ட் எனப்படும் தனிக் கணக்கில் இருக்கும் சேனல். அதற்கென்று தனி மின்னஞ்சலோ பாஸ்வேர்டோ கிடையாது. உங்கள் ஜிமெயில் வழியாக உள்ளே போய், பெயரை மாற்றிக்கொண்டு அந்தச் சேனலாக இயங்குவீர்கள். குழுவாக நடத்தப்படும் சேனல்கள் பல இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன.

டேக்அவுட் பக்கம், நீங்கள் அந்த நேரத்தில் எந்தக் கணக்கில் இருக்கிறீர்களோ அதன் தரவை மட்டும்தான் எடுத்துக் கொடுக்கும். பிராண்ட் அக்கவுன்ட்டில் சேனலை வைத்துக்கொண்டு, ஜிமெயில் கணக்கிலிருந்தே கேட்டால், நீங்கள் வீட்டில் பார்த்த சினிமாப் பாடல்களின் பட்டியல் அழகாக வந்து சேரும். சேனல் வராது. எனவே பக்கத்தின் வலது மேல்மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, சேனலின் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறகு தொடங்க வேண்டும். சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்களா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பிராண்ட் அக்கவுன்ட்டில் ஜிமெயில், போட்டோஸ் போன்ற நீண்ட பட்டியல் இருக்காது, சில சேவைகள் மட்டுமே தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சேனலின் உரிமையாளர், யூடியூப் ஸ்டூடியோ வழியாக ஒருவரை எடிட்டராகவோ மேலாளராகவோ சேர்த்திருக்கலாம். அவர் வீடியோ ஏற்றுவார், தலைப்பை மாற்றுவார். ஆனால் டேக்அவுட்டில் அவர் என்ன தேடினாலும் அந்தச் சேனல் கிடைக்காது. கணக்கை உண்மையில் வைத்திருப்பவர்தான் கேட்க வேண்டும். கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த மின்னஞ்சலில் சேனல் இருந்தால், அங்குள்ள நிர்வாகி டேக்அவுட் வசதியையே நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். அப்போது அவரிடம் சொல்லித் திறந்துவிடச் செய்ய வேண்டும்.

இரண்டு முறை கேளுங்கள்

பக்கம் திறந்ததும் எல்லாச் சேவைகளும் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். அப்படியே விட்டுவிட்டால் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் என்று எல்லாம் சேர்ந்து ஒரு மலை கிளம்பும். முதலில் `Deselect all` என்பதை அழுத்தி எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு கீழே இறங்கி `YouTube and YouTube Music` என்பதை மட்டும் தேர்வு செய்யுங்கள். அதன் கீழே `All YouTube data included` என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சேனல் விவரம், கமென்ட், பார்த்த வரலாறு, பிளேலிஸ்ட், சந்தா, வீடியோ என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக விரியும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம்.

அனுபவமுள்ளவர்கள் இந்த இடத்தில் வேலையை இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் கோரிக்கையில் வீடியோக்களை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். இது வெறும் எழுத்துத் தரவு, அளவில் மிகச் சிறியது, விரைவில் வந்துவிடும். அதைத் திறந்து பார்த்தால் சரியான சேனல்தானா, எத்தனை வீடியோக்கள் கணக்கில் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். சரி என்று உறுதியான பிறகு, வீடியோக்களுக்கு மட்டும் இரண்டாவது கோரிக்கை. தவறான கணக்கிலிருந்து கேட்டுவிட்டு, நாள் கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஏமாறுவதை இந்த ஒரு பழக்கம் தவிர்த்துவிடும்.

`Next step` என்பதை அழுத்தியதும் மூன்று கேள்விகள் வரும். எங்கே அனுப்ப வேண்டும் என்பது முதல் கேள்வி. மின்னஞ்சலில் இணைப்பாகப் பெறலாம். அல்லது கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், பாக்ஸ் ஆகியவற்றில் ஒன்றில் நேரடியாகப் போடச் சொல்லலாம். டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி மட்டுமே, அதையும் ஜிமெயிலும் போட்டோஸும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இடம் போதாவிட்டால் கோப்பு அங்கே போய்ச் சேராது. பெரிய சேனலுக்கு மின்னஞ்சல் இணைப்பே நல்லது.

இரண்டாவது கேள்வி, ஒருமுறையா, தொடர்ந்தா என்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீதம் ஓராண்டுக்குத் தானாகவே எடுத்துத் தரும்படியும் சொல்லி வைக்கலாம். மூன்றாவது, கோப்பின் வகையும் அளவும். ஜிப் என்ற வகையை விண்டோஸ் கம்ப்யூட்டரே திறந்துவிடும் என்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம். அளவு என்பது, மொத்தத் தரவை எத்தனை ஜிபி கொண்ட துண்டுகளாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற கேள்வி. 1 ஜிபியில் தொடங்கி 50 ஜிபி வரை தேர்வுகள் இருக்கும். எது சரி என்பது உங்கள் சேனலையும் உங்கள் வீட்டு இன்டர்நெட்டையும் பொறுத்தது. கீழே அதற்கொரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசியாக `Create export` என்பதை அழுத்தினால் கோரிக்கை போய்விடும்.

எவ்வளவு நேரம்?

அழுத்திய உடனே அந்தப் பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை தெரியும். இது முடியச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம் என்பதே அது. பெரும்பாலானவர்களுக்குக் கேட்ட நாளிலேயே இணைப்பு வந்துவிடுகிறது என்று கூகுளின் உதவிப் பக்கம் சொல்கிறது. வீடியோ இல்லாத சிறிய கோரிக்கைக்கு இது பொருந்தும். நூற்றுக்கணக்கான வீடியோக்கள் உள்ள சேனலென்றால் இரண்டு மூன்று நாள் ஆனாலும் பதற வேண்டியதில்லை. எல்லா வீடியோவையும் ஒவ்வொன்றாகத் திரட்டி, துண்டுகளாகக் கட்டி வைக்கும் வேலை பின்னால் நடக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். வேலை நடக்கிறதா என்று பார்க்க விரும்பினால், அதே டேக்அவுட் பக்கத்துக்குத் திரும்பப் போனால் கோரிக்கை நிலுவையில் இருப்பது தெரியும். அங்கேயே அதை ரத்து செய்யவும் முடியும்.

கூகுளின் மேம்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த கணக்கென்றால், கோரிக்கை வேண்டுமென்றே இரண்டு நாள் தள்ளிப்போடப்படும். கணக்கைத் திருடியவர் அவசரமாக எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

காத்திருக்கும் நாட்களில் நீங்கள் புதிதாக ஏற்றும் வீடியோக்கள் இந்தக் கட்டில் சேராமல் போகலாம். ஆகவே சேனலை மூடப் போகிறவர்கள் கடைசி வீடியோவை ஏற்றிவிட்டு, அதன் பிறகு கேட்பதே முறை.

மின்னஞ்சல் வந்த பிறகுதான் உண்மையான அவசரம் தொடங்குகிறது. தயாரான கோப்பு ஏறக்குறைய ஏழு நாட்கள்தான் இருக்கும். அதன் பிறகு இணைப்பு செயலிழந்துவிடும், முதலிலிருந்து கேட்க வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் ஐந்து முறை வரைதான் இறக்க முடியும். இறக்கும்போது பாஸ்வேர்டையும் மீண்டும் கேட்கும். எனவே அந்த இணைப்பை வெளியூரில் இருக்கும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “நீ எடுத்து வை” என்று சொல்ல முடியாது.

ஒரு கூத்துச் சேனலின் கணக்கு

திருவண்ணாமலைப் பக்கத்தில் தெருக்கூத்தைப் படம்பிடித்துப் போடும் ஒரு சேனலைக் கற்பனை செய்துகொள்வோம். கூத்து விடிய விடிய நடக்கும். ‘கர்ண மோட்சம்’, ‘அர்ஜுனன் தபசு’ என்று ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு மணி நேரப் பகுதிகளாகப் பிரித்து ஏற்றியிருக்கிறார்கள். அப்படி 60 பகுதிகள். அடவு, கட்டியக்காரன் பேச்சு என்று மூன்று நிமிடத் துணுக்குகள் 200. மொத்தம் 260 வீடியோக்கள்.

முழு எச்டி தரத்தில், வினாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் எடிட் செய்து ஏற்றியிருந்தால், ஒரு வினாடிக்கு 1.5 எம்பி ஆகிறது. ஒரு மணி நேரப் பகுதி 5.4 ஜிபி. அறுபதும் சேர்ந்து 324 ஜிபி. மூன்று நிமிடத் துணுக்கு 270 எம்பி, இருநூறும் சேர்ந்து 54 ஜிபி. மொத்தம் 378 ஜிபி. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு என்பதால் ஜிப் செய்தாலும் இந்த அளவு குறையாது.

இதை இறக்க எவ்வளவு நேரம்? வீட்டு ஃபைபர் இணைப்பு வினாடிக்கு 40 மெகாபிட் என்றால், வினாடிக்கு 5 எம்பி வரும். 378 ஜிபிக்கு 21 மணி நேரம். 100 மெகாபிட் இணைப்பில் எட்டரை மணி நேரம். மொபைலில் நாளொன்றுக்கு 2 ஜிபி கொடுக்கும் திட்டத்தில் இருப்பவருக்கு ஏழு நாளில் 14 ஜிபிதான் வரும். அவர் ஃபைபர் இணைப்புள்ள இடத்தைத் தேடிக்கொண்ட பிறகுதான் கோரிக்கையே அனுப்ப வேண்டும்.

இனித் துண்டின் அளவு. 2 ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் இந்தச் சேனலுக்குப் பொருந்தாது, ஒரே ஒரு கூத்துப் பகுதியே அதைவிடப் பெரியது. 50 ஜிபி என்றால் எட்டு அல்லது ஒன்பது கோப்புகளில் வேலை முடியும். ஆனால் 40 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு இறங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரண்டே முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம், ஐந்து வாய்ப்புகளில் ஒன்றும் கழிந்துபோகும். 10 ஜிபி என்றால் கோப்புகள் நாற்பதுக்குக் குறையாது, ஒவ்வொன்றையும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒன்று கெட்டால் நட்டம் அரை மணி நேரம்தான். மின்சாரமும் இணைப்பும் நம்பகமாக இருந்தால் 50, இல்லாவிட்டால் 10 என்பது நியாயமான முடிவு.

இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிப் கோப்புகளுக்கு 378 ஜிபி, அவற்றைப் பிரித்து எடுப்பதற்கு இன்னொரு 378 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது. பழைய பென்டிரைவ்களும் சில வெளிப்புற டிஸ்க்குகளும் ஃபேட்32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. இடம் நிறைய இருந்தும் “கோப்பு மிகப் பெரியது” என்று செய்தி வந்தால் காரணம் இதுதான். டிஸ்க்கில் உள்ளதை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி வடிவமைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

திறந்து பார்த்தால்

இறங்கும் கோப்புகளின் பெயர் இப்படியிருக்கும்:

```
takeout-20250114T043000Z-001.zip
```

நடுவில் இருப்பது தேதியும் நேரமும், கடைசியில் துண்டின் எண். ஒவ்வொரு ஜிப்பும் தனித்தனியாகத் திறக்கும். உள்ளே `Takeout` என்ற ஃபோல்டர் இருக்கும், அதற்குள் யூடியூப்பின் ஃபோல்டர். `archive_browser.html` என்ற பக்கத்தை முதலில் திறந்தால் என்னென்ன வந்திருக்கின்றன என்ற பட்டியல் பிரவுசரில் தெரியும்.

மிக முக்கியமானது `videos` என்ற ஃபோல்டர். நீங்கள் ஏற்றிய வீடியோக்கள் இங்கே இருக்கும். பொதுவில் தெரிபவை மட்டுமல்ல, பிரைவேட் என்றும் அன்லிஸ்டட் என்றும் மறைத்து வைத்தவையும் சேர்ந்தே வரும். நீங்களே முன்பு அழித்துவிட்டவை வராது. ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் டவுன்லோட் வசதி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அங்கே அதிகபட்சம் 720பி தரத்தில்தான் கிடைக்கும். டேக்அவுட்டில் நீங்கள் ஏற்றிய மூல வடிவிலோ, எம்பி4 ஆகவோ வருகிறது. கூத்துச் சேனலுக்கு இந்த வித்தியாசம் பெரியது. முகத்து அரிதாரமும் கிரீடத்தின் கண்ணாடி வேலையும் முழுத் தரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது `video metadata` ஃபோல்டர். அதிலுள்ள `videos.csv` என்ற அட்டவணையில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரி. வீடியோவின் பதினொரு எழுத்து அடையாளக் குறி, தலைப்பு, மில்லி வினாடியில் நீளம், வகை, பொதுவா மறைவா என்ற நிலை, ஏற்றிய நேரம், வெளியிட்ட நேரம் ஆகியவை வரிசையாக இருக்கும். வீடியோவின் கீழே நீங்கள் எழுதிய விளக்கம் வந்திருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வராமலிருந்தால் சேனல் உயிரோடு இருக்கும்போதே தனியாக எடுத்து வைக்கலாம்.

பிளேலிஸ்ட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி அட்டவணையாக வரும். ஆனால் அவற்றில் தலைப்பு இருக்காது, அடையாளக் குறியும் சேர்த்த நேரமும்தான் இருக்கும். உங்கள் சொந்த வீடியோக்களென்றால் `videos.csv` அட்டவணையோடு பொருத்தித் தலைப்பைக் கண்டுபிடிக்கலாம். மற்றவர்களின் வீடியோவாக இருந்து அது அழிந்தும் போயிருந்தால், என்ன வீடியோ அது என்று அந்தக் குறியை வைத்துக்கொண்டு சொல்ல வழியில்லை. `history` ஃபோல்டரில் அந்தக் கணக்கிலிருந்து பார்த்தவை, தேடியவை எல்லாம் தேதியோடு இருக்கும். ஆகவே முழுக் கட்டையும் வேறொருவரிடம் கொடுக்குமுன் அந்த ஃபோல்டரை எடுத்துவிடுவது நல்லது.

எது வராது?

ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான். `comments.csv` என்று ஒரு கோப்பு இருக்கும். ரசிகர்கள் எழுதியதெல்லாம் இதில் இருக்கும் என்று திறந்து பார்ப்பார்கள். அதில் இருப்பது நீங்கள் எழுதிய கமென்ட்டுகள் மட்டுமே. “நன்றி அண்ணா”, “அடுத்த பகுதி வெள்ளிக்கிழமை வரும்” என்று நீங்கள் கொடுத்த பதில்கள் இருக்கும், கேட்டவர்களின் கேள்விகள் இருக்காது. `subscriptions.csv` என்பதும் அப்படித்தான். நீங்கள் யாருக்குச் சந்தாதாரர் என்ற பட்டியல் அது, உங்கள் சந்தாதாரர்களின் பட்டியல் அல்ல. நேரலை அரட்டையிலும் நீங்கள் அனுப்பிய செய்திகள் மட்டும் வரும்.

காரணம் எளிது. இந்தக் கட்டு, கேட்பவருடைய தனிப்பட்ட தரவு என்ற கணக்கில் தயாராகிறது. மற்றொருவர் எழுதிய கமென்ட் அவருடைய தரவு, அவர் கேட்டால் அவருடைய கட்டில் போகும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது நம் பண்ட பாத்திரங்கள் வண்டியேறும், அக்கம்பக்கத்தாரை ஏற்றிக்கொண்டு போக முடியாது.

பார்வை எண்ணிக்கை, எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள், எந்த நிமிடத்தில் விட்டுப் போனார்கள் என்ற புள்ளிவிவரங்களுக்கு ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸ் பகுதிக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள விரிவான பார்வையில், அட்டவணையாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. ஒரு தடவைக்கு 500 வரிகள் என்ற வரம்பு இருப்பதால், பெரிய சேனல்கள் ஆண்டு ஆண்டாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். விளம்பர வருமானக் கணக்கு ஆட்சென்ஸில் தனியாக இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து திருத்திய சப்டைட்டில்களை ஸ்டூடியோவின் சப்டைட்டில் பகுதியிலிருந்து தனியாக இறக்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ரசிகர்களின் கமென்ட்டுகளை எடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. யூடியூப்பின் டேட்டா ஏபிஐ என்ற வாசலில் `commentThreads.list` என்ற அழைப்பு, ஒரு தடவைக்கு நூறு கமென்ட் வரை கொடுக்கும். நாளொன்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் பத்தாயிரம் அலகுகளில் ஒரு தடவைக்கு ஓர் அலகுதான் செலவு. நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் உதவினால் நடுத்தர அளவிலான சேனலின் கமென்ட்டுகளை ஒரே நாளில் எடுத்துவிடலாம். ஆனால் இதைச் சேனல் இருக்கும்போதுதான் செய்ய முடியும். சேனலை அழித்த பிறகு எடுப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

தமிழில் தலைப்பு வைத்தவர்களுக்கு

`videos.csv` கோப்பை இரண்டு முறை தட்டி எக்செல்லில் திறந்தால், தமிழ்த் தலைப்புகள் எல்லாம் à® à¯ என்று சிதைந்து தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி டேக்அவுட்டுக்கு ஓட வேண்டாம். கோப்பு யூனிகோடில் இருக்கிறது, எக்செல் அதைப் புரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். வெற்று எக்செல் தாளைத் திறந்து, `Data` பகுதியில் `From Text/CSV` வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாகத் தெரியும். கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் இந்தத் தொல்லையே இல்லை. அப்படிக் கொண்டுவரும்போது அடையாளக் குறி உள்ள பத்தியை எழுத்து வகை என்று குறிப்பிட்டுவிடுங்கள். சில குறிகள் கழித்தல் அடையாளத்தில் தொடங்கும். எக்செல் அதைச் சூத்திரம் என்று எண்ணிக்கொண்டு `#NAME?` என்று காட்டிவிடும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். அட்டவணையில் உள்ள நேரங்கள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 2021 ஜனவரி 14, பொங்கலன்று அதிகாலை நான்கரை மணிக்கு வெளியிட்ட வீடியோ, அட்டவணையில் ஜனவரி 13 இரவு 11 மணி என்று இருக்கும். தேதிவாரியாகக் காப்பகம் அமைக்கிறவர்கள் இதைத் திருத்தாமல் விட்டால், அதிகாலையில் வெளியிட்டவை அத்தனையும் ஒருநாள் பின்னுக்குப் போய்விடும்.

வீடியோக் கோப்புகளுக்கு அவற்றின் தலைப்பே பெயராக வரும், அடையாளக் குறி அல்ல. கோப்புப் பெயரில் வரக்கூடாத கேள்விக்குறி போன்றவை அடிக்கோடாக மாறியிருக்கும். நீண்ட தலைப்புகள் வெட்டுப்படலாம். “தெருக்கூத்து - கர்ண மோட்சம் -” என்றே எல்லாத் தலைப்பும் தொடங்கினால், கடைசியில் இருந்த “பகுதி 2” வெட்டுப்பட்டு, எது எந்தப் பகுதி என்று தெரியாமல் போகும். அப்போது அட்டவணையில் உள்ள நீளத்தை வைத்துக்கொண்டு பொருத்திப் பார்க்க வேண்டும். விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்து ஏறக்குறைய 260 எழுத்துகளைத் தாண்டினால் ஜிப்பைப் பிரிக்கும்போது பிழை வரும். டிஸ்க்கின் முதல் நிலையிலேயே `D:\yt` போல ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கி, அங்கே பிரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாம் வந்ததா?

கூத்துச் சேனலில் `videos.csv` அட்டவணையில் 260 வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஜிப்களையும் பிரித்த பிறகு `videos` ஃபோல்டரில் எண்ணினால் 258 கோப்புகள்தான் இருக்கின்றன. முதலில் துண்டுகளின் எண்ணைப் பாருங்கள், 001 முதல் கடைசி வரை ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று. பிறகு சந்தேகமான ஜிப்பை 7-Zip போன்ற மென்பொருளில் சோதித்தால், பாதியில் அறுந்து இறங்கியதா என்று தெரிந்துவிடும். பிரிக்கும்போது “இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதவா?” என்று கம்ப்யூட்டர் கேட்டு, நீங்கள் சரி என்று அழுத்தியிருந்தாலும் எண்ணிக்கை குறையும். அந்த ஜிப்பைத் தனி ஃபோல்டரில் மறுபடி பிரித்துப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், விடுபட்ட இரண்டு வீடியோக்களின் தலைப்பைக் கண்டுபிடித்து, ஸ்டூடியோவிலிருந்து 720பி தரத்திலாவது இறக்கிக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கையை ஏழு நாள் கெடுவுக்குள் செய்து முடித்தால்தான் கெட்டுப்போன துண்டை மறுபடி இறக்க வாய்ப்பிருக்கும்.

எண்ணிக்கை சரியாக வந்த பிறகு, கட்டை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டிஸ்க்கில் வைப்பது பழைய கதையையே மறுபடி தொடங்குவதாகும். நீங்கள் கேட்காமலே “உங்கள் கூகுள் தரவுக்கான கோரிக்கை வந்திருக்கிறது” என்று மின்னஞ்சல் வந்தால், அது உண்மையான அறிவிப்பா என்று டேக்அவுட் பக்கத்துக்கு நேரே போய்ப் பாருங்கள். அங்கே கோரிக்கை இருந்தால் உடனே ரத்து செய்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைசியாக, இந்தக் கட்டைக் கொண்டு வேறொரு சேனலைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். மறுபடி ஏற்றும் ஒவ்வொரு வீடியோவும் புதிய அடையாளக் குறி பெறும், பார்வை எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், பழைய இணைப்பைப் பகிர்ந்தவர்கள் வெற்றுப் பக்கத்துக்குப் போவார்கள். ஆகவே பிரச்சினை வெறும் கை மாறுவதுதான் என்றால், சேனலை அழித்துப் புதிதாகத் தொடங்குவதைவிட, பிராண்ட் அக்கவுன்ட்டின் உரிமையை அடுத்தவருக்கு மாற்றிக் கொடுப்பதே லாபம். அந்த வழியில் கமென்ட்டும் சந்தாதாரரும் அப்படியே இருப்பார்கள். டேக்அவுட் கட்டு அதற்கு முன் எடுத்து வைக்கும் காப்புப் பிரதியாக மட்டும் இருந்தால் போதும்.